கப்பலேறும் மேசையும் ஊருக்குள் போகும் கட்டிலும்: ஒரு மரச்சாமான் நிறுவனத்துக்கான நிர்வாகச் சுருக்கம்

ராஜஸ்தானின் ஜோத்பூரில் மாமரத்திலும் சீஷம் மரத்திலும் சாமான் செய்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் தொழிற்கூடங்கள் ஏராளம். அவற்றில் நடுத்தர அளவுள்ள ஒன்றைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 40 கோடி ரூபாய். அதில் 30 கோடி ஏற்றுமதி, அந்த ஏற்றுமதியிலும் பாதி ஒரே அமெரிக்க வாடிக்கையாளருக்கு. கையில் 5 கோடி முதலீடு இருக்கிறது. அதை ஏற்றுமதியை விரிக்கப் போடுவதா, உள்நாட்டுச் சந்தையில் போடுவதா என்பது இயக்குநர்கள் முன்னுள்ள கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்நாட்டில் போடலாம். ஆனால் ஷோரூம் திறந்து அல்ல, ஓட்டல், விடுதி போன்ற மொத்த ஆர்டர்கள் வழியாக. ஏற்றுமதியை இன்றைய அளவிலேயே நிறுத்தி, அந்த ஒற்றை வாடிக்கையாளரைச் சார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும்.

ஏற்றுமதியின் பலம் எளிதில் புரியும். ஒரே வடிவத்தில் நூறு சாமான்களுக்கு ஆர்டர் வரும். வடிவம் மாறாததால் ஆட்களின் கை பழகிவிடும், கழிவு குறையும். 150 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பக்கமேசை பெட்டியில் அடைத்தபின் 0.6 கனமீட்டருக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். 40 அடி நீளமும் கூடுதல் உயரமும் உள்ள கன்டெய்னரில் உண்மையில் பயன்படுத்தக்கூடிய இடம் 65 கனமீட்டர் அளவே என்பதால், நூறு மேசை சற்றேறக்குறைய ஒரு கன்டெய்னரை நிரப்பிவிடும். துறைமுகத்தில் கப்பலேற்றும் விலை ஒரு மேசைக்கு 14,000 ரூபாய் என்று வைத்தால், ஒரு கன்டெய்னர் 14 லட்சம். லாபம் 12 சதவீதம், அதாவது மேசைக்கு 1,680 ரூபாய்.

இந்த 1,680 ரூபாய் எவ்வளவு மெல்லியது என்பதை 2025 ஆகஸ்ட் காட்டியது. இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி அந்த மாதக் கடைசியில் 50 சதவீதத்துக்குப் போனது. மரச்சாமானுக்கு அங்கே அடிப்படைச் சுங்கம் இல்லை. 14,000 ரூபாய் மேசைக்கு 7,000 ரூபாய் வரி. அதில் பாதியைத் தொழிற்கூடம் ஏற்கட்டும் என்று வாங்குபவர் கேட்டால் 3,500 ரூபாய் போகும். ஒவ்வொரு மேசையும் 1,820 ரூபாய் நஷ்டத்தில் கப்பலேறும். இந்த விகிதங்கள் ஏறும், இறங்கும். நம் ஆய்வுக்கு முக்கியம் அவற்றின் இன்றைய அளவு அல்ல. விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாட்டின் ஒரே ஆளிடம் இருக்கும்போது, தொழிற்கூடம் விலை பேசும் நிலையில் இருக்காது என்பதே முக்கியம்.

அப்படியானால் ஐரோப்பாவுக்குத் திரும்பலாமே என்ற யோசனை இயல்பாக வரும். அங்கே தடை வரியில் இல்லை, மரத்தின் பிறப்பிடத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம், 2020 டிசம்பர் 31க்குப் பின் காடு அழிக்கப்பட்ட நிலத்திலிருந்து மரம் வரவில்லை என்று நிலத்தின் புவி ஆயத்தொலைவோடு காட்டச் சொல்கிறது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும் கோரிக்கை மாறவில்லை. காய்ப்பு ஓய்ந்த மாமரத்தை விவசாயி வெட்டி விற்கிறார், தரகர் வாங்குகிறார், மரவாடியில் பத்துத் தோட்டத்து மரமும் ஒரே அடுக்கில் கலக்கிறது. ஒரு மேசையின் மேற்பலகையில் நான்கு ஊர் மரம் இருக்கலாம். காட்டை அழிக்காத மரமாக இருந்தும் அதைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாமல் போவதுதான் இங்கே துயரம். வாங்கும் இடத்திலேயே கட்டைக்கு எண் அடித்து, தோட்டத்தின் இருப்பிடத்தைப் பதிந்து, அறுத்தபின்னும் பிரித்தே அடுக்கினால் சரிசெய்யலாம். அதற்குக் குறைந்தது ஓராண்டாவது வேண்டும். சீஷம் மரத்துக்கோ 2017 முதல் சைட்டிஸ் கட்டுப்பாடு உண்டு; ஒரு சாமானில் 10 கிலோவுக்கு மேல் அந்த மரம் இருந்தால் உரிய சான்று தேவை. உணவு மேசை ஒன்றே அந்த எடையைத் தாண்டிவிடும்.

இனி உள்நாடு. ஏற்றுமதிச் சரக்கையே இங்கும் விற்றுவிடலாம் என்று நினைப்பதுதான் பல நிறுவனங்கள் சறுக்கும் இடம். நம் வீடுகள் கேட்பது பீரோ, சாமான் வைக்கும் அறையுள்ள கட்டில், சோபா. பீரோவும் சமையலறை அலமாரியும் இன்று பெரும்பாலும் பிளைவுட் அல்லது துகள்பலகை. அதற்குப் பலகை அறுக்கும் எந்திரமும் விளிம்பு ஒட்டும் எந்திரமும் வேண்டும். முழுமரத் தச்சர்களின் கைத்திறனுக்கு அங்கே வேலை குறைவு. ஆகவே வீட்டு அலமாரிச் சந்தையில் நுழைவது விரிவாக்கம் அல்ல, வேறொரு தொழில் தொடங்குவது. ஓட்டல், சுற்றுலா விடுதி ஆர்டர்கள் அப்படியல்ல. ஒரே கட்டில் அறுபது, ஒரே எழுதுமேசை அறுபது என்று கேட்பதால் ஏற்றுமதியின் ஒழுங்கு இங்கும் செல்லும்.

ஆனால் மரத்தை உலர்த்தும் முறை மாற வேண்டும். குளிர்காலத்தில் சூடேற்றப்படும் அமெரிக்க வீடுகளுக்காகச் சூளையில் 8 முதல் 10 சதவீத ஈரப்பதத்துக்கு மரத்தைக் கொண்டுவருவார்கள். அதே மேசையைக் கொச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பினால் மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். டிராயர் இழுக்க வராது, கதவு சட்டத்தில் இடிக்கும். கடலோர ஊர்களுக்கு 12 சதவீத அளவில் நிறுத்தி, டிராயரைச் சுற்றி இடைவெளியைக் கூட்ட வேண்டும். ஈரமானியால் ஒவ்வொரு அடுக்கையும் குத்திப் பார்த்து, இரு வகை மரத்தையும் தனித்தனியே வைப்பது செலவில்லாத வேலை. செய்யாமல் விட்டால் இழப்பு பெரிது. இதோடு நாற்காலி, மேசை, கட்டில் முதலியவற்றுக்கான இந்தியத் தர நிர்ணய ஆணை 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு விற்பனைக்குச் சோதனையும் உரிமமும் தேவைப்படும். அந்தச் செலவையும் காலத்தையும் 5 கோடியிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த, லாப விகிதத்தைவிடப் பணம் திரும்பும் நாள் நல்ல அளவுகோல். ஏற்றுமதியில் மரம் வாங்கியதிலிருந்து கப்பலேறும் வரை 65 நாள், பின் 60 நாள் கடன் என்று கொண்டால், 30 சதவீத முன்பணம் போக மீதி 125 நாள் முடங்குகிறது. ஓட்டல் ஆர்டரில் தயாரிப்புக்கு 45 நாள், ஒப்படைத்தபின் 45 நாள் எனில் 90 நாள். நிறுவனம் சிறு நிறுவன வரம்புக்குள் வருவதால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தராத வாடிக்கையாளரால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. இது ஓரளவு பிடிமானம். எதிர்ப்பக்கம், ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி சுமை இல்லை; உள்நாட்டில் 18 சதவீதத்தை, உள்ளீட்டு வரியைக் கழித்து, பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதமே கட்ட வேண்டும்.

90 நாள் கணக்கு உடையும் இடமும் தெரிந்ததே. கட்டடம் முடியாமல் கட்டில் கிடங்கில் கிடக்கும்; ஒப்படைக்காததால் கடன் நாளே தொடங்காது. அதனால் மரத்தைச் சூளையில் ஏற்றுமுன் ஒருவர் நேரில் போக வேண்டும். தரை ஓடு பதித்து, அறைகளில் மின்கம்பி இழுத்து முடித்திருந்தால் ஏற்றலாம். சுவர்ப்பூச்சு நிலையிலேயே இருந்தால் முன்பணம் கையில் இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

பரிந்துரை இதுதான். முதல் ஆண்டில் 2 கோடி மட்டும்: சூளையில் தனி அறை, தர உரிமம், ஓட்டல் ஆர்டருக்கான விற்பனை ஆள்கள். 40 சதவீத முன்பணம் இல்லாத ஆர்டர் வேண்டாம். 50 லட்சம் மரத்தின் பிறப்பிடப் பதிவுக்கு. அது ஐரோப்பிய வாசலைத் திறந்து வைக்கும். மீதி 2.5 கோடி வங்கியில் இருக்கட்டும். ஆண்டு முடிவில் உள்நாட்டு நிலுவை சராசரியாக 60 நாளைத் தாண்டியிருந்தால் அந்தப் பணத்தை உள்நாட்டில் இறக்காமல், பதிவு முடிந்த மாமரத்தோடு ஐரோப்பிய வாடிக்கையாளர்களைத் தேடலாம்.