கதையும் வழக்கும்

ஒரே மாணவி ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கட்டுரைகள் என் மேசையில் கிடக்கின்றன. 'பாண்டியன் வீழ்ந்தது தன் பிழையாலா, ஊழாலா?' என்பது தலைப்பு. முதல் கட்டுரையின் ஓரத்தில் நான் எழுதியிருந்தேன்: "கதை சொல்லியிருக்கிறாய், ஆராயவில்லை."

அதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. பொற்கொல்லன் பொய் சொல்கிறான். அரசன் விசாரிக்காமல் ஆணையிடுகிறான். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் உயிர் விடுகிறான், மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் முற்பிறவிக் கதை சொல்கிறது. முடிவு: பிழையும் உண்டு, ஊழும் உண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தேன்; சிலப்பதிகாரக் கதைச்சுருக்கம் கிடைத்தது. கட்டுரையின் வரிசையை வகுத்தவர் இளங்கோ, அவள் அல்ல.

திருத்துகிறேன் என்று முதலில் அவள் செய்தது, ஒவ்வொரு பத்தியின் வாலிலும் "இதனால் ஊழின் வலிமை புலனாகிறது" என்று ஒட்டியதுதான். (பாதி வகுப்பு இதைத்தான் செய்யும்.) திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் கட்டுரை கதையின் வால்பக்கத்தில், கட்டுரை காதையில் தொடங்குகிறது. முற்பிறவியில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்தான். அந்த வினை இப்போது வந்தது என்கிறது தெய்வம். மாணவி கேட்கிறாள்: இந்த விளக்கம் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது? அரசன் இறந்து, ஊரும் தீப்பற்றிய பிறகல்லவா வருகிறது! வழக்குரை காதையில் ஊழைச் சொல்லித் தப்பிக்க அவனுக்கு வழியே இல்லை. தானே கள்வன் என்று அவன் ஒப்புக்கொள்கிறான். ஆகவே, அவையில் தீர்ப்பு பிழையை வைத்தே வழங்கப்படுகிறது. ஊழ் கோவலன் இறந்ததற்கு விடை சொல்கிறதே தவிர அரசனுக்கு விலக்கு அளிக்கவில்லை. இது அவள் வாதம். இதை ஒருவர் மறுக்க முடியும். முதல் கட்டுரையில் மறுக்க எதுவுமே இல்லை.

மறுப்பையும் அவளே தேடி எடுத்தாள். கொலைக்களக் காதையில் அரசன் ஆணையிடும் இடத்திலேயே, வினை விளையும் காலம் அது என்று கவிஞர் சொல்லிவிடுகிறார். தாமதம் என்ற வாதம் இங்கே ஆட்டம் காண்கிறது. அவள் பதில்: அது வாசகருக்குச் சொன்னது, பாத்திரங்கள் காதில் விழவில்லை. மேலும், ஊடியிருந்த தேவியைத் தேற்றப் போகும் அவசரத்தில் அரசன் இருந்ததையும் கவிஞர் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

இதற்கு இடம் தர, சிலம்பு உடையும் காட்சி ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வரியாகச் சுருங்கியது. அவளுக்கு அதில் வருத்தம்தான், நன்றாக எழுதியிருந்தாள்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் உண்டு. வாசகருக்கு மட்டும் சொன்னது என்றால், வாசகர் அரசனை எப்படி எடைபோடுவது? அதை மட்டும் ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.