உரிமைகோரலின் அகலமும் விளக்கவுரையும்: இமாட்டினிப் வழக்கு

காப்புரிமை விண்ணப்பத்தின் முழு விவரணத்தில் இரண்டு பகுதிகள் முதன்மையானவை. கண்டுபிடிப்பு என்ன, அதை எப்படிச் செய்வது என்பதை விளக்கவுரை சொல்கிறது. அதில் எந்த அளவுக்குத் தனியுரிமை வேண்டும் என்பதை, இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைகோரல்கள் வரையறுக்கின்றன. கோரல்கள் விவரணத்தில் வெளிப்படுத்தியவற்றை நியாயமாக அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம், 10(5) பிரிவில் கூறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு

தூத்துக்குடி உப்பளத்தில் ஒருவர், கைப்பிடியின் கோணத்தை மாற்றிப் பூட்டக்கூடிய உப்பு வாரும் கருவியைச் செய்ததாகக் கொள்வோம். அவர் "தேக்குப் பலகையும் 4 அடி கைப்பிடியும் கொண்ட கருவி" என்று கோரினால், நெகிழிப் பலகையில் செய்பவரைத் தடுக்க முடியாது. "குனியாமல் உப்பு வார உதவும் எக்கருவியும்" என்று கோரினால், அவர் செய்யாத கருவிகளும் அதில் அடங்கிவிடும். விளக்கவுரை அதைத் தாங்காது. "பலகை, கைப்பிடி, இரண்டுக்கும் இடையே கோணத்தை மாற்றிப் பூட்டும் இணைப்பு" என்பதே ஏற்ற முதற்கோரல். ஆணி வைத்துப் பூட்டுவது, திருகால் இறுக்குவது என இரண்டு வகைகளையாவது விளக்கவுரை காட்டினால் "பூட்டும் இணைப்பு" என்ற பொதுச்சொல்லுக்கு ஆதாரம் கிடைக்கும். 2, 3ஆம் கோரல்களில் அவ்வகைகளைத் தனித்தனியே எழுதலாம். முதற்கோரல் வீழ்ந்தாலும் அவை நிற்கக்கூடும். விண்ணப்பித்தபின் கோரலை அகலப்படுத்த 59ஆம் பிரிவு இடமளிப்பதில்லை.

சென்னையில் தொடங்கிய வழக்கு

தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் செல்லும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில், 1998 ஜூலையில் நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாட்டினிப் மெசிலேட் என்ற புற்றுநோய் மருந்தின் பீட்டா படிக வடிவத்துக்கு விண்ணப்பித்தது. அதற்கு முன்பே சிம்மர்மன் என்பவரின் அமெரிக்கக் காப்புரிமை, இமாட்டினிப் உள்ளிட்ட சேர்மங்களையும் மருந்துக்கேற்ற அவற்றின் உப்புகளையும் கோரியிருந்தது. மெசிலேட் அவ்வகை உப்புகளுள் ஒன்று.

2006இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மெசிலேட் உப்பு பழைய கோரலின் எல்லைக்குள் வந்தாலும், அந்த விவரணத்தில் வெளிப்படுத்தப்படவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஆனால் அதே பழைய காப்புரிமையைக் காட்டித்தான், இங்கிலாந்தில் மெசிலேட் மருந்தை விற்ற நாட்கோ நிறுவனத்துக்கு நோவார்ட்டிஸ் சார்பில் அறிவிக்கை அனுப்பப்பட்டிருந்தது.

2013 ஏப்ரல் 1 அன்று நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. கோரலின் எல்லைக்கும் வெளிப்படுத்தியதற்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கக்கூடாது என்றும், காப்புரிமையின் அளவைக் கண்டுபிடிப்பின் தகுதிதான் முடிவு செய்ய வேண்டும், எழுத்துத் திறமை அல்ல என்றும் விளக்கியது. எனவே மெசிலேட் ஏற்கெனவே அறியப்பட்ட பொருளாயிற்று. பீட்டா வடிவம், அறியப்பட்ட பொருளின் புதுவடிவம் கூடுதல் பயன்திறன் காட்ட வேண்டும் என்னும் 3(d) பிரிவில் வீழ்ந்தது.

அகலமாகக் கோரியவர், பின்னர் அதே பொருளைப் புதியது என்று கோரும் வழியைத் தாமே அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.