கிழத்திக்கு நிலம் எங்கே?

‘கிழ’ என்ற அடிச்சொல்லைக் கேட்டதும் நமக்கு நரைத்த தலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கும் முதுமைக்கும் தொடர்பில்லை. கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையின் பொருளும் கிழமைதான். ‘அவளது கை’ என்பது பிரிக்க முடியாத தற்கிழமை. ‘அவளது வீடு’ என்பது கைமாறக்கூடிய பிறிதின்கிழமை.

உரிமை உடையவன் கிழவன், கிழான். மதிப்புடன் சொன்னால் கிழார். சங்கப் புலவர் கோவூர் கிழாரின் பெயர் இப்படி வந்ததே. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் நிலமுடையோர் ஊர்ப்பெயரோடு கிழவன், கிழான் என்று குறிக்கப்படுகிறார்கள்.

தொல்காப்பியத்தின் களவியலில் காதலர் இருவருமே இந்தச் சொல்லால் அழைக்கப்படுகிறார்கள். அவன் கிழவன், அவள் கிழத்தி. கிழவி என்றும் அவளைச் சொல்வதுண்டு. அந்தக் கிழவி இளம்பெண். ஒருவர்மேல் ஒருவருக்கு உரிமை உண்டு என்பதால், பெயரளவில் இருவரும் சமம். ஆனால் அதே களவியல், தன் வேட்கையைக் கிழவன்முன் எடுத்துச் சொல்வது கிழத்திக்கு இல்லை என்றும் விதிக்கிறது. பெயரில் உரிமை இருக்கிறது, வாயில் இல்லை. (சொல்லைக் குறிக்கும் ‘கிளவி’ வேறு வேரிலிருந்து வந்தது. எங்கள் மதுரைப் பேச்சில் ழகரம் ளகரமாவதால் வகுப்பில் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கும். எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.)

பொருள் எங்கே கிளைத்தது என்பதைக் கூட்டுச்சொற்களில் பார்க்கலாம். ஆணுக்கு நிலக்கிழார், பெருநிலக்கிழார் என்ற சொற்கள் இன்றும் செய்தித்தாளில் வருகின்றன. பெண்ணுக்குக் கிடைத்தவை மனைக்கிழத்தி, காமக்கிழத்தி. முதலாமவள் மனைவி, இரண்டாமவள் மனைவிக்கு அப்பால் ஆண் கொண்ட உறவு. ‘நிலக்கிழத்தி’ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மனைக்கிழத்தி என்பதை வீட்டின் உரிமையாளர் என்று பிரித்துப் பொருள் சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சொல்லை வைத்து வீட்டுப் பத்திரம் எதையும் பதிய முடியாது.

உரிமை, முதுமை என்ற இரண்டு பொருளும் ஒட்டி வளர்ந்ததற்குக் காரணம், குடும்பத்தில் மூத்தவர் கையில் உடைமை இருந்ததே என்று நினைக்கிறேன். பிற்பாடு ‘உரிமை’, ‘உடைமை’ ஆகிய சொற்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. தனியே நின்ற கிழவன், கிழவி இரண்டிலும் வயது மட்டும் தங்கியது. ஆனால் இழப்பு ஒரே அளவானதல்ல. அவனுக்கு நிலக்கிழார் மிஞ்சினார். திருநகர்ப் பேருந்தில் மெதுவாக ஏறும் ஒரு பெண்மீது வசையாக விழும் ‘கிழவி’க்குப் பக்கத்தில் அப்படி மதிப்பான சொல் எதுவும் மிஞ்சவில்லை.

ஒரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். ‘நம்பி மகன்’ போல உயர்திணைத் தொகைச்சொல்லை விரிக்கும்போது ‘அது’ உருபு வரக்கூடாது, ‘கு’ வர வேண்டும் என்கிறது தொல்காப்பியம்: நம்பிக்கு மகன். இதன்படி ‘அவனுக்கு மனைவி’ என்பதே பழைய முறை. வீட்டையும் மாட்டையும் சொல்வதுபோல ‘அவனது மனைவி’ என்று எழுதத் தொடங்கியது பின்னால்தான்.