ஓடும் வாகனத்தில் தீ: முதல் இரண்டு நிமிடங்களில் செய்ய வேண்டியவை என்ன?

கொல்கத்தா: பார்க் சர்க்கஸ் பகுதியையும் கிழக்குப் பெருநகரப் புறவழிச்சாலையையும் இணைக்கும் 'மா' மேம்பாலம் 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. நான்கு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இந்தப் பாலத்தில் ஏறிய வாகனம் நடுவழியில் திரும்ப இயலாது. ஒதுங்கி நிற்கத் தனி இடமும் இல்லை. இத்தகைய இடத்தில் ஒரு வாகனம் தீப்பிடித்தால், நெரிசலைக் கடந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்பே பயணிகள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டியுள்ளது. எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற வரிசையே அங்கு உயிரைத் தீர்மானிக்கிறது.

கண்ணூர் விபத்து

கேரள மாநிலம் கண்ணூரில் 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, பிரசவத்திற்காக மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த குடும்பத்தினரின் கார் தீப்பிடித்தது. காரில் ஆறு பேர் இருந்தனர். பின்புறம் அமர்ந்திருந்த நால்வர் உயிர் தப்பினர். முன் இருக்கைகளில் இருந்த கர்ப்பிணியும், காரை ஓட்டிய அவருடைய கணவரும் உயிரிழந்தனர். முன்கதவுகளைத் திறக்க முடியவில்லை. உதவிக்கு ஓடிவந்தவர்களாலும் தீயின் வேகத்தால் நெருங்க இயலவில்லை. சம்பவ இடத்திற்கு மாவட்ட மருத்துவமனை மிக அருகிலேயே இருந்தது.

காரின் முன்பகுதியில் மூளும் தீ, என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்துவிட்டால் மிகக் குறுகிய நேரத்தில் உள்ளே பரவும். இருக்கை உறைகளும் பிளாஸ்டிக் பாகங்களும் எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு ஆகிய வாயுக்கள், தீ உடலைத் தொடும் முன்பே மயக்கத்தை ஏற்படுத்தக்கூடும்.

அறிகுறியை எப்படி அறிவது?

ரேடியேட்டர் கொதித்து வெளியேறும் நீராவி வெண்மையாக இருக்கும். அது காற்றில் விரைவில் கலைந்துவிடும். சற்று இனிப்பான வாடை இருக்கும். மின்கம்பி கருகினால் எரிந்த பிளாஸ்டிக்கின் நெடி முதலில் எழும். அதனுடன் விளக்குகள் மங்கி எரிவதும், ஃபியூஸ் அடுத்தடுத்துப் போவதும் காணப்படலாம். கலையாமல் தொடர்ந்து வரும் கறுப்பு அல்லது சாம்பல் நிறப் புகையும், ஓட்டத்தின்போது எழும் பெட்ரோல் வாடையும் உடனே வாகனத்தை நிறுத்த வேண்டியதற்கான அடையாளங்கள். வீடு அருகில்தான் இருக்கிறது என்று தொடர்ந்து ஓட்டினால், எரிபொருள் பம்பு தீக்கு எரிபொருளை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

நிறுத்துவதும் அணைப்பதும்

பார்க் சர்க்கஸிலிருந்து சயின்ஸ் சிட்டி நோக்கி 'மா' மேம்பாலத்தில் செல்லும் காரில் ஓட்டுநர், அவர் அருகில் ஒருவர், பின்னிருக்கையில் ஒரு முதியவர், ஒரு குழந்தை என நால்வர் இருப்பதாகக் கொள்ளலாம். பானெட்டின் விளிம்பில் புகை தெரிகிறது. ஓட்டுநர் நான்கு இண்டிகேட்டர்களையும் ஒளிரவிட்டு, இடப்பக்கச் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். ஓட்டத்தில் இருக்கும்போதே சாவியைத் திருப்பி அணைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஸ்டீயரிங் கனத்துப்போகும், சாவியை எடுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

கார் முழுமையாக நின்றதும் கதவுப் பூட்டுகளை விடுவித்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். மின்கம்பிகள் கருகத் தொடங்கினால் இவை சில நொடிகளில் இயங்காமல் போகலாம் என்பதால், மின்சாரம் இருக்கும்போதே இதைச் செய்வது அவசியம். அடுத்து என்ஜினை அணைக்க வேண்டும். என்ஜின் நின்றால் எரிபொருள் பம்பும் நிற்கும், ஏ.சி. விசிறி புகையை உள்ளே இழுப்பதும் நிற்கும். இவை அனைத்திற்கும் பத்து நொடிகள் போதும். கண்ணாடி இறங்கவில்லை என்றால் அதற்காகக் காத்திராமல் கதவைத் திறக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கை இழுப்பதுடன் காரை கியரிலும் விட வேண்டும். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெய்ப்பூரில் உயர்மட்டச் சாலையில் எரிந்துகொண்டிருந்த கார் ஒன்று ஓட்டுநர் இல்லாமலேயே சரிவில் உருண்டு வந்தது. கீழே இருந்தவர்கள் தங்கள் இருசக்கர வாகனங்களை விட்டுவிட்டு ஓட நேர்ந்தது. பிரேக் கம்பியும் குழாயும் தீயில் சேதமடையக்கூடும் என்பதால், சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப இயலாது.

அனைவரையும் வெளியேற்றுவது

இறங்குவது இடப்பக்கக் கதவுகள் வழியாக இருத்தல் நலம். வலப்புறம் இறங்குபவர் பின்னால் வரும் வாகனத்தில் அடிபடலாம். ஓட்டுநரின் அருகில் இருப்பவர் முதலில் இறங்கி, பின் இடப்பக்கக் கதவை வெளியிலிருந்து திறக்க வேண்டும். குழந்தைகளுக்கான பாதுகாப்புப் பூட்டு போடப்பட்டிருந்தால் பின்கதவு உள்ளிருந்து திறக்காது. பதற்றத்தில் பலரும் மறப்பது இதைத்தான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் விலக, ஓட்டுநர் முதியவரின் சீட் பெல்ட்டைக் கழற்றி அவரை வெளியே கொண்டுவர வேண்டும். பை, கைப்பேசி, ஆவணங்கள் ஆகியவற்றுக்காக ஒருவரும் திரும்பக் கூடாது.

கதவு திறக்கவில்லை என்றால் பக்கக் கண்ணாடியை உடைக்க வேண்டும். முன்கண்ணாடி இரு அடுக்குகளுக்கிடையே படலம் ஒட்டப்பட்டது. அது விரிசல் விடுமே தவிர எளிதில் வழிவிடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் கடினப்படுத்தப்பட்டது. அதன் நடுவில் குத்துவதைவிட மூலையில் கூரிய உலோகத்தால் தாக்கினால் சிறு துண்டுகளாக நொறுங்கும். இருக்கையின் தலைசாய்ப்பானைக் கழற்றி, அதன் இரும்புக் கம்பியால் முயலலாம் என்றாலும் அது உறுதியான வழியன்று. கண்ணாடி உடைக்கும் சுத்தியல் ஒன்றை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதே நம்பத்தக்கது.

எவ்வளவு தூரம் விலக வேண்டும்?

எரியும் வாகனத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 எட்டுகள் விலகியிருக்க வேண்டும். திரைப்படங்களில் காட்டப்படுவதுபோல பெட்ரோல் டேங்க் வெடித்துச் சிதறுவது அரிது. ஆனால் டயர்கள் வெடிக்கும். பானெட்டையும் பின்கதவையும் தாங்கும் வாயுத் தண்டுகள் சூடேறி அம்புபோலப் பாயக்கூடும். ஆகவே வாகனத்திற்கு நேர் முன்னோ நேர் பின்னோ நிற்பது ஆபத்தானது. மேம்பாலத்தில் பக்கவாட்டில் விலக இடமில்லாததால், 30 மீட்டரையும் தாண்டிச் செல்வதே சரி.

சரிவில் எரிபொருள் கீழ்நோக்கி வழியும், வாகனமும் உருளலாம். எனவே மேட்டுப் பக்கமாக, காற்று வீசி வரும் திசையை நோக்கி நகர வேண்டும். சுவரை ஒட்டியே நடந்து, பின்னால் வரும் வாகனங்களுக்குக் கையசைத்து எச்சரிக்கலாம்.

பாதுகாப்பான தூரத்தை அடைந்த பிறகே 101 என்ற தீயணைப்பு எண்ணையோ, 112 என்ற அவசர எண்ணையோ அழைக்க வேண்டும். மேம்பாலத்தின் பெயர், எந்தத் திசையில் செல்லும் பாதை, உள்ளே எவரேனும் சிக்கியுள்ளனரா, வாகனம் பெட்ரோலா, டீசலா, எரிவாயுவா, மின்சாரமா என்ற நான்கு தகவல்களைத் தெரிவிக்க வேண்டும். திசையைச் சொல்லாவிட்டால் தீயணைப்பு வண்டி எதிர்ப்பாதையில் ஏறிவிடக்கூடும். கொல்கத்தாவின் ஆட்டோக்கள் எல்.பி.ஜி.யில் ஓடுபவை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். ஆட்டோ தீப்பிடித்தால் தாழ்வான இடத்தில் நிற்கக் கூடாது.

தீயை அணைக்க முயலலாமா?

பானெட்டைத் திறக்கக் கூடாது. திறந்த கணத்தில் உள்ளே புகும் காற்று, புகைந்துகொண்டிருந்ததை முகத்தை நோக்கிய சுவாலையாக மாற்றிவிடும். அனைவரும் வெளியேறி, தீ மிகச் சிறியதாக இருந்து, கையில் ஏ.பி.சி. தூள் தீயணைப்பான் இருந்தால் மட்டுமே, பானெட்டின் இடுக்கு வழியாகவோ அடிப்பக்கமாகவோ தூளைச் செலுத்தலாம். ஒரு கிலோ அளவுள்ள தீயணைப்பான் ஏறத்தாழ பத்து நொடிகளே நீடிக்கும். அது தீர்ந்தும் தீ அடங்காவிட்டால் விலகிவிட வேண்டும். பெட்ரோல் தீயின் மீது வாளித் தண்ணீரை ஊற்றினால் எரிபொருள் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

இருசக்கர வாகனத்தில்

இருசக்கர வாகனத்தில் பெட்ரோல் டேங்க் பெரும்பாலும் ஓட்டுபவரின் கால்களுக்கிடையே, அல்லது ஸ்கூட்டரில் இருக்கைக்கு அடியில் உள்ளது. ஓரமாக நிறுத்தி, பின்னால் அமர்ந்திருப்பவரை முதலில் இறக்கிவிட்டு, சாவியை அணைத்து, சைடு ஸ்டாண்டில் விட்டு விலக வேண்டும். வண்டியைக் கீழே சாய்த்தால் மூடி வழியாகப் பெட்ரோல் கசிந்து தீயில் சேரும். பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய்த் திருகு இருந்தாலும், தீ அதன் அருகில் இருந்தால் கையை நீட்டக் கூடாது. விலகிச் செல்லும் வரை தலைக்கவசத்தைக் கழற்றாமல் இருப்பது முகத்தைக் காக்கும். ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல், தரையில் படுத்து உருள வேண்டும்.

மின் ஸ்கூட்டரில் சீறும் ஒலியும் அடர்ந்த வெண்புகையும் பேட்டரியிலிருந்து வெளிவந்தால், அது நச்சுத்தன்மையும் எரியும் தன்மையும் கொண்ட வாயுவாகும். இதைத் தூள் தீயணைப்பான் கட்டுப்படுத்தாது. தீ அணைந்ததாகத் தோன்றிய பின்பும் பல மணி நேரம் கழித்து மீண்டும் பற்றலாம். 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் செய்யப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்ததில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி உயிரிழந்தனர். எனவே, ஒருமுறை புகைந்த மின் வாகனத்தை வீட்டிற்குள்ளோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்திலோ கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.

தீக்காயம் ஏற்பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. புகையைச் சுவாசித்தவர் நலமாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட வேண்டும். மூச்சுக்குழாய் வீக்கம் சில மணி நேரம் தாமதமாகவும் வெளிப்படலாம்.