பெட்ரோலில் நீர்ப் பிரிவு

நீர்ப் பிரிவு என்பது, எத்தனால் கலந்த பெட்ரோலில் (கன்னெய்) அளவுக்கு மீறி நீர் சேரும்போது, அந்நீர் எத்தனாலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கலனின் அடியில் தனி அடுக்காகப் பிரிவதைக் குறிக்கும். இதனால் இயந்திரம் நின்றுபோவதோடு, மேலே எஞ்சும் பெட்ரோலின் ஆக்டேன் எண்ணும் குறைகிறது. டாங்கில் நீர் இருப்பதும் இயந்திரத்தில் இடிப்பு (நாக்கிங்) கேட்பதும் வேறு வேறு பழுதுகளாகக் கருதப்பட்டாலும், எத்தனால் கலந்த எரிபொருளில் இவ்விரண்டும் ஒரே காரணத்தால் ஏற்படக்கூடும்.

பிரிவு ஏற்படும் விதம்

தூய பெட்ரோலில் நீர் ஏறக்குறையக் கரைவதே இல்லை. சில துளிகள் விழுந்தாலும் அவை அடியில் முத்துகளாகத் தங்கிவிடும். எத்தனால் நீருடனும் பெட்ரோலுடனும் கலக்கும் தன்மை உடையது. ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு நீரைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்து வைத்துக்கொள்கிறது. 10 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல், 15 பாகை செல்சியசில் தன் கன அளவில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு நீரைத் தாங்கும். 20 விழுக்காடு கலந்தது இதனினும் கூடுதலாகத் தாங்கும்.

இவ்வெல்லை தாண்டப்பட்டால் கலவை முதலில் கலங்கி, பின்னர் இரண்டாகப் பிரிகிறது. எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட நீரின்மீது ஈர்ப்பு அதிகம் என்பதால் அதன் பெரும்பகுதி நீருடன் கீழே சென்றுவிடுகிறது. வெப்பநிலை குறையும்போது நீரைத் தாங்கும் அளவும் குறையும். பகலில் தெளிவாக இருந்த எரிபொருள் குளிர்ந்த இரவுக்குப் பின் பிரிந்து காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் (இ20) விற்பனை 2023 பெப்ரவரியில் தொடங்கியது.

நீர் எங்கிருந்து வருகிறது

பாதி காலியான டாங்கில் காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகச் சேர்கிறது என்பது பரவலான விளக்கம். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் பங்கு மிகச் சிறிது என்பது புலப்படும். 30 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவியே உள்ளது. எனவே 10 லிட்டர் வெற்றிடத்தில் இருப்பது 0.3 கிராம், அதாவது சில துளிகள் மட்டுமே. 10 லிட்டர் எரிபொருள் பிரிய வேண்டுமாயின் குறைந்தது 50 மில்லிலிட்டர் அளவிலாவது நீர் வேண்டும்.

அவ்வளவு நீர் பெரும்பாலும் வேறு வழிகளில் வருகிறது. மோட்டார் சைக்கிள்களில் டாங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்திலிருந்து மழைநீர் வடிய ஒரு சிறு துளையும் குழாயும் உண்டு. அது அழுக்கால் அடைபட்டால் நீர் தேங்கி, மூடியின் ரப்பர் வளையம் பழுதாயிருப்பின் அதன் வழியே உள்ளே இறங்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும், நிலத்தடித் தொட்டியின் மூடி வழியே மழைநீர் புகுந்த விற்பனை நிலையங்களும் மற்ற காரணங்கள்.

ஓர் எளிய சோதனையும் அதன் பொருளும்

அளவுகள் குறிக்கப்பட்ட 100 மில்லிலிட்டர் கண்ணாடி உருளையில் 10 மில்லிலிட்டர் நீரும் 90 மில்லிலிட்டர் பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி, சில நிமிடங்கள் அசையாது வைக்க வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலாயின், பிரிகோடு 10 என்ற குறியிலேயே நிற்கும். இ20 பெட்ரோலாயின், அதிலுள்ள 18 மில்லிலிட்டர் எத்தனாலின் பெரும்பகுதி நீரில் சேர்வதால், கோடு 26 முதல் 28 வரை உயரும்.

இதைக் கண்டு பெட்ரோலில் நீர் கலக்கப்பட்டுள்ளது என முடிவு செய்வது பிழை. உயர்ந்தது எத்தனாலே. அவ்வளவு நீர் உண்மையில் இருந்திருந்தால், நீர் ஊற்றுவதற்கு முன்பே இரு அடுக்குகள் தெரிந்திருக்கும்; வண்டியும் ஓடியிராது. நீர் உண்டா என அறிய, எதையும் சேர்க்காமல் டாங்கின் அடியிலிருந்து எடுத்த எரிபொருளைத் தெளிந்த கண்ணாடிப் புட்டியில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தலே சரியான முறை. கலங்கலோ பிரிகோடோ தெரிந்தால் நீர் உள்ளது என்று கொள்ளலாம். இரு சோதனைகளையும் தீப்பொறி இல்லாத திறந்தவெளியில் செய்ய வேண்டும்.

விற்பனை நிலையத்தில் செய்யப்படும் அடர்த்திச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பதிவேட்டில் உள்ள அளவிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோகிராம் வரை வேறுபாடு ஏற்கப்படுகிறது. 0.5 விழுக்காடு நீர் கரைந்திருந்தால் அடர்த்தி ஏறத்தாழ 1.25 கிலோகிராமே உயரும். ஆகவே பிரியும் நிலையை நெருங்கிய எரிபொருளும் இச்சோதனையில் தேறிவிடலாம்.

இயந்திரத்தில் விளைவு

எரிபொருளை எடுக்கும் வாய் டாங்கின் அடியருகே இருப்பதால், நீரும் எத்தனாலும் கொண்ட அடுக்கே முதலில் இயந்திரத்தை அடைகிறது. வண்டி கிளம்பாமலோ, கிளம்பிச் சிறிது தூரத்தில் திணறி நின்றோ போகும். நிரப்பிய உடனேயே இது நேர்ந்தால் நிரப்பிய இடத்தையும், மழைக்குப் பின் நேர்ந்தால் டாங்க் மூடியையும் முதலில் ஐயுறலாம்.

அடியில் உள்ளதை மட்டும் வடித்துவிட்டு மேலுள்ளதைப் பயன்படுத்துவோரும் உண்டு. இங்கே இடிப்பு வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறத்தாழ 108 ஆகும். இறுதிக் கலவை உரிய எண்ணை அடைய எத்தனாலும் உதவும் என்ற கணக்கிலேயே அடிப்படைப் பெட்ரோல் ஆயத்தம் செய்யப்படுகிறது. எத்தனால் கீழே இறங்கிவிட்டால் மேலடுக்கு அந்த எண்ணை எட்டாது. தீப்பொறியால் தொடங்கிய சுடர் வந்து சேருமுன், உருளையின் ஓரத்தில் அழுத்தப்பட்ட கலவை தானாகவே வெடித்து எரியும். அதுவே ஏற்றத்தில் முடுக்கும்போது கேட்கும் உலோகத் தட்டொலி. இடிப்பு உணரி உள்ள கார்கள் தீப்பொறியைத் தாமதப்படுத்தித் தப்பித்துக்கொள்ளும். இழுவிசை மட்டும் குறையும். உணரி இல்லாத பல இருசக்கர வண்டிகளில் தொடர்ந்த இடிப்பு பிஸ்டனையே பழுதாக்கலாம்.

பிரிந்த எரிபொருளில் புதிய பெட்ரோலை ஊற்றினால் அது மீண்டும் கலந்துவிடும் என்று நம்ப இயலாது. டாங்கை முழுவதும் வடித்து, வடிகட்டியையும், கார்புரேட்டர் இருப்பின் அதன் மிதவைக் கிண்ணத்தையும் துப்புரவு செய்தலே தீர்வு.

பழைய பெட்ரோல்

மாதக்கணக்கில் நின்ற வண்டி கிளம்பாமைக்கு நீர் மட்டுமே காரணம் அன்று. பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறிவிடுவதால் குளிர்ந்த இயந்திரத்தில் பற்றவைப்பு கடினமாகிறது. எஞ்சியது காற்றுடன் வினைபுரிந்து பிசினாக மாறி, கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கிறது. இத்தகைய பெட்ரோல் நிறம் அடர்ந்து வார்னிஷ் போல மணக்கும். ஆனால் அடுக்காகப் பிரிந்திராது.

ஆக்டேன் எண்ணைத் தெரிதல்

ஆக்டேன் எண் இடிப்பைத் தாங்கும் திறனின் அளவே. ஆற்றலின் அளவு அன்று. ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் ஹெப்டேனுக்கு 0 என்றும் வைத்து, சோதனை இயந்திரத்தில் ஒப்பிட்டு இது கணிக்கப்படுகிறது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி சாதாரண பெட்ரோலுக்கு 91 என இருந்தது, 20 விழுக்காடு எத்தனால் சேர்ந்தபின் 95 ஆயிற்று. அமெரிக்க விற்பனைக் குழாய்களில் காணப்படும் 87 என்பது வேறொரு கணக்கு முறை. அது இங்குள்ள 91-க்கு ஏறக்குறைய ஒத்தது.

வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட எண்ணே போதுமானது. 91-க்கென வடிவமைத்த இயந்திரத்தில் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. நீர்ப் பிரிவால் வந்த இடிப்புக்கு அதை மருந்தாக ஊற்றுவோர், அடியில் உள்ள நீரை அப்படியே விட்டுவைக்கின்றனர். நல்ல எரிபொருள் நிரப்பிய பிறகும் இடிப்பு நீடித்தால், உருளையினுள் படிந்த கரியையும் தீப்பொறியின் நேர அமைப்பையும் சோதிக்க வேண்டும்.