அப்புத்தளைக் குளிரும் ஓவர்டிரைவ் அட்டவணையும்

மொனிட்டரின் ஓவர்டிரைவை ஒருமுறை சரிசெய்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை ஊவா மலைநாட்டில் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். பதுளை நகரம் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1400 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை என்ற பொதுக் கணக்கில், இரண்டு ஊர்களுக்கும் இடையே 5 பாகை வித்தியாசம் வரும். மேட்டுத் தோட்டங்களின் விடியற்காலையில் அது இன்னும் கூடலாம்.

குளிரக் குளிரத் திரவப் பளிங்கின் பாகுத்தன்மை ஏறுகிறது. மூலக்கூறுகள் மெதுவாகத் திரும்புகின்றன. ஓவர்டிரைவ் அந்த மந்தத்தை ஈடுசெய்ய, அடைய வேண்டிய நிறத்துக்குரியதைவிடக் கூடிய மின்னழுத்தத்தை ஒரு பிரேம் நேரத்துக்குக் கொடுக்கிறது. எவ்வளவு கூட்டுவது என்பதைத் தொழிற்சாலையில் எழுதிய அட்டவணை தீர்மானிக்கும். வெப்பநிலையை அளந்து அட்டவணையை மாற்றும் மொனிட்டர்களும் உண்டு. அந்த வசதி இல்லாதவற்றில்தான் சிக்கல்.

விளக்கத்துக்கு ஒரு கணக்கு. 144 ஹேர்ட்ஸில் ஒரு பிரேம் 6.9 மில்லிசெக்கன். பிக்சல் சாம்பல் 60இலிருந்து 120க்குப் போக வேண்டும். அட்டவணை 150க்குரிய மின்னழுத்தத்தைக் கொடுக்கிறது. சூடேறிய பலகை பிரேம் முடிவில் 120ஐத் தொடும். விடியற்காலைப் பலகை 105இல் நின்றுவிடும்: இது கோஸ்டிங். பொறுமையிழந்து Extreme நிலைக்கு மாற்றினால் 180க்குரியது போகும், காலையில் 120 கிடைக்கும். நண்பகலில் அதே பலகை 140 வரை தாவும். அதுதான் ஓவர்ஷூட். காலைக் குறைக்குச் செய்த வைத்தியம் மத்தியான நோயாகிறது.

இரண்டையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். TestUFO சோதனையில் நகரும் உருவின் பின்னால் வரும் தடத்தைப் பாருங்கள். தடத்தின் நிறம் உருவுக்கும் பின்னணிக்கும் இடைப்பட்டதாக இருந்தால் கோஸ்டிங். இரண்டையும் தாண்டி வெளிறியோ கறுத்தோ விளிம்பு கட்டினால் ஓவர்ஷூட்.

எந்த நிலைக்கும் எட்டாத மாற்றம் ஒன்றுண்டு. விஏ பலகையில் முழுக் கறுப்பு என்பது மின்னழுத்தமே இல்லாத நிலை. சாம்பலிலிருந்து கறுப்புக்கு இறங்கும்போது சுழியத்துக்குக் கீழே தள்ள வழியில்லை. மூலக்கூறுகள் தம் மீள்தன்மையால் மட்டுமே திரும்ப வேண்டும். குளிர் இங்கே நேரடியாகத் தாக்கும். Extreme இதற்கு உதவாது. இடைச் சாம்பல்களை மட்டும் கெடுக்கும்.

மாறும் புதுப்பிப்பு வீதமும் இதே வகைச் சிக்கல்தான். விளையாட்டு 70 பிரேமுக்கு இறங்கினால் கூடுதல் மின்னழுத்தம் 14 மில்லிசெக்கன் நீடிக்கும். அட்டவணை அதற்கேற்ப மாறாவிட்டால் ஓவர்ஷூட் நிச்சயம்.

துலங்கல் நேரம் சுழியமானாலும் மங்கல் முழுவதும் போகாது. செக்கனுக்கு 960 பிக்சல் ஓடும் உருவைக் கண் தொடரும்போது, பிரேம் அசையாமல் நிற்பதாலேயே 60 ஹேர்ட்ஸில் 16 பிக்சலும் 144இல் ஏறக்குறைய 7 பிக்சலும் மங்கும். இந்த மங்கலை எந்த ஓவர்டிரைவ் நிலையும் நீக்காது. ஆகவே அதிகபட்ச நிலையைத் துரத்தாமல், மொனிட்டரை அரைமணி நேரம் எரியவிட்டு, வழக்கமாகப் பாவிக்கும் வேளையின் குளிரிலேயே ஓவர்டிரைவைத் தெரிவுசெய்ய வேண்டும். ஐயம் வந்தால் ஒரு படி குறைவாகவே வைப்பேன். மெல்லிய நிழலைக் கண் பொறுத்துக்கொள்கிறது, வெளிறிய விளிம்பை அல்ல.