‘ஒன்றாவது’ என்னும் சொல்லும் இரு குழந்தைப் புதிரின் வரலாறும்

கேரளத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பயிலும் என்.சி.இ.ஆர்.டி. கணித நூலின் நிகழ்தகவு இயலில் ஒரு பயிற்சி வினா உண்டு. ஆண், பெண் பிறப்பு சம வாய்ப்புடையது எனக் கொண்டு, இரு குழந்தைகள் உள்ள குடும்பத்தில் இருவரும் பெண்களாக இருக்கும் நிகழ்தகவை அது இரு நிபந்தனைகளில் கேட்கிறது. இளைய குழந்தை பெண் என்பது ஒன்று. குறைந்தது ஒரு குழந்தை பெண் என்பது மற்றொன்று. முதலாவதற்கு விடை 1/2, இரண்டாவதற்கு 1/3. இவ்வினா கைப்பேசியில் படமெடுக்கப்பட்டு, பாதி வரி வெட்டுப்பட்டோ வாய்மொழியாகத் தமிழாக்கப்பட்டோ கைமாறும்போது இவ்விரு விடைகளும் எளிதில் இடம்மாறிவிடுகின்றன.

இக்குழப்பத்திற்கு அச்சில் ஒரு வரலாறு உண்டு. 1889இல் வெளிவந்த ழோசப் பெர்த்ராவின் நிகழ்தகவு நூலில் மூன்று பெட்டிகளைப் பற்றிய கணக்கு இதற்கு முன்னோடி. இரு குழந்தைப் புதிரைப் பரவலாக்கியவர் மார்ட்டின் கார்ட்னர். ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 1959 மே மாதம் அவர் இரு தந்தையரை முன்னிறுத்தினார். ஒருவருக்கு மூத்த குழந்தை பெண். மற்றவருக்குக் குறைந்தது ஒரு குழந்தை ஆண். விடைகள் முறையே 1/2, 1/3 என்றார். அதே ஆண்டு அக்டோபரில், இரண்டாம் வினா தெளிவற்றது என அவரே ஒப்புக்கொண்டார். ‘குறைந்தது ஒருவர்’ என்னும் செய்தி எவ்வழியில் பெறப்பட்டது என்பதை வினா சொல்லவில்லை என்பதே காரணம்.

அவ்வழி ஏன் முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். பாலராமபுரத்தின் நெசவாளர் தெருக்களில் இரு குழந்தைகள் உள்ள 400 வீடுகள் உள்ளன எனக் கொள்ளலாம். சம வாய்ப்பின்படி, இருவரும் பெண்களாக உள்ளவை 100. இருவரும் ஆண்களாக உள்ளவை 100. ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக உள்ளவை 200. கணக்கெடுப்பாளர் ஒருவர் வீடுதோறும் சென்று, “பெண் குழந்தை உண்டா?” எனக் கேட்கிறார். ‘உண்டு’ என்பவை 300 வீடுகள். அவற்றுள் இரு பெண்கள் உள்ளவை 100. எனவே விடை 1/3.

மற்றொருவர் எதுவும் கேட்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தற்செயலாக வாசலுக்கு வரும் குழந்தையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். இரு பெண்கள் உள்ள 100 வீடுகளிலும் அவர் காண்பது பெண்ணே. கலப்பான 200 வீடுகளில் பாதியில், அதாவது 100இல், பெண்ணைக் காண்பார். பெண்ணைக் கண்ட வீடுகள் மொத்தம் 200. அவற்றுள் இரு பெண்கள் உள்ளவை 100. எனவே விடை 1/2. இரு கணக்கெடுப்பாளரும் ஒரே சொற்றொடரை எழுதக்கூடும்: ‘இவ்வீட்டில் குறைந்தது ஒரு குழந்தை பெண்.’ வேறுபாடு சொற்றொடரில் இல்லை. எந்தெந்த வீடுகள் அச்சொற்றொடரை எழுதச் செய்திருக்கும் என்பதில் உள்ளது. மாயா பார்-ஹில்லெலும் ரூமா ஃபால்க்கும் 1982இல் ‘காக்னிஷன்’ இதழில், மகனுடன் உலவும் தந்தை ஒருவரைச் சந்திக்கும் நிகழ்வைக் கொண்டு இதையே விளக்கினர்.

தமிழில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ‘ஆவது’ என்னும் ஈறு இரு பொருள் உடையது. ‘குழந்தைகளுள் ஒன்றாவது பெண்’ என்றால் ‘குறைந்தது ஒன்று’ என்று பொருள், விடை 1/3. ‘ஒன்றாவது குழந்தை பெண்’ என்றால் வரிசையில் முதற்குழந்தை என்று பொருள், விடை 1/2. ‘ஒன்றாவது வகுப்பு’ எனப் பழகிய செவிக்கு இரண்டாம் பொருளே முந்தி வரும். ‘குழந்தை’ என்னும் சொல் ‘ஒன்றாவது’ என்பதற்கு முன் நிற்கிறதா, பின் நிற்கிறதா என்பதே விடையை மாற்றுகிறது. ‘ஒரு குழந்தை பெண்’ என்று சுருக்கினால், ‘ஒன்று மட்டுமே’ எனவும் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால் விடை சுழியம்.

பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வழியே பாறசாலை வரையுள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே வழங்குகின்றன. மலையாளத்தில் ‘ஒராளெங்கிலும்’ என்பது ‘குறைந்தது ஒருவர்’ என்பதற்கும், ‘ஒன்னாமத்தெ’ என்பது ‘முதலாவது’ என்பதற்கும் தனித்தனியே உரியவை. எனவே மலையாளத்தில் எழாத மயக்கம் தமிழாக்கத்தில் எழுகிறது. தமிழிலும் ‘ஒருவரேனும்’ என்னும் வடிவம் இருக்கிறது. அது வரிசைப் பொருளைத் தராது. வினா எழுதுவோர் முதற்பொருளுக்கு அதையும், இரண்டாம் பொருளுக்கு ‘மூத்தவர்’ என்பதையும் வழங்கினால் சொல்மயக்கம் நீங்கும்.

ஆயினும் 1959இல் கார்ட்னர் ஒப்புக்கொண்ட குறை அதனால் நீங்காது. செய்தி கேட்டறியப்பட்டதா, கண்டறியப்பட்டதா என்பதை எந்த ஈறும் சொல்வதில்லை. ‘குறைந்தது ஒரு பெண் குழந்தை உள்ள குடும்பங்கள் அனைத்திலிருந்தும் ஒன்று சமவாய்ப்பில் தேர்ந்தெடுக்கப்படுகிறது’ என வினாவே கூறினால்தான் 1/3 ஐயமற்ற விடையாகும். அவ்வாறு கூறாத வினாவிற்கு 1/2 என எழுதிய மாணவரின் தாளைத் தவறெனக் குறிக்குமுன், அவர் எந்தக் கணக்கெடுப்பாளரை மனத்தில் கொண்டார் எனக் கேட்பதே முறை.